ஒரு கேள்விக்கு 90 ஜிபி எதற்கு?

1800-ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று இத்தாலியின் மிலான் நகரில் பகலின் உச்ச வெப்பமே மைனஸ் 7.5 டிகிரி. இரவில் மைனஸ் 14.8 வரை இறங்கியிருக்கிறது. அதே நாளில் பிராக் நகரில் உச்சம் மைனஸ் 8.6. தெற்கு ஜெர்மனியின் ஹோஹென்பைசென்பெர்க் மலைமேல் மழையில்லை. மிலானில் பிரேரா வானாய்வகத்தார், பிராகில் கிளெமென்டினம் கல்லூரிக்காரர்கள், ஜெர்மன் மலையில் துறவிகள் என்று மூன்று இடத்து மனிதர்கள் ஏட்டில் கையால் எழுதிவைத்த எண்கள் இவை. இன்று அவை கணினியில் இப்படி இருக்கின்றன:

```
ITE00100554,18000101,TMAX,-75,,,E,
ITE00100554,18000101,TMIN,-148,,,E,
GM000010962,18000101,PRCP,0,,,E,
EZE00100082,18000101,TMAX,-86,,,E,
EZE00100082,18000101,TMIN,-135,,,E,
```

உலகெங்கும் உள்ள வானிலை நிலையங்களின் அன்றாடப் பதிவுகளை அமெரிக்காவின் நோவா அமைப்பு ஒன்றாகத் திரட்டி வைத்திருக்கிறது. ஜிஎச்சிஎன் டெய்லி என்று அந்தத் தொகுப்புக்குப் பெயர். 180 நாடுகள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள். அதில் ஒரு பகுதி காகித அட்டவணைகளிலிருந்து தட்டச்சு செய்து எடுத்தவை. நிலைய எண்ணின் முதல் இரண்டு எழுத்துகள் நாட்டைச் சொல்லும். IT என்றால் இத்தாலி, EZ என்றால் செக் நாடு, IN என்றால் இந்தியா. இலங்கைக்கு இன்னும் பழைய பெயரின் நினைவாக CE. அடுத்து தேதி, எதை அளந்தார்கள் என்பது, அளவு. வெப்பத்தை டிகிரியில் பத்தில் ஒரு பங்காகவும், மழையை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காகவும் எழுதுவார்கள். அதனால்தான் மைனஸ் 7.5 என்பது -75 என்று நிற்கிறது. கடைசி நான்கு இடங்களில் அளவீட்டுக் குறிப்பு, தரச் சோதனையின் முடிவு, எண் எங்கிருந்து வந்தது என்ற அடையாளம், அளந்த நேரம் ஆகியவை வரும். மேலே உள்ள வரிகளில் மூல அடையாளமான E தவிர மற்றவை காலி.

ஒரு வரியில் ஒரு அளவு, நடுவே காற்புள்ளி. இதுதான் சிஎஸ்வி. கண்ணால் படிக்கலாம், எந்த மென்பொருளிலும் திறக்கலாம், ஐம்பது ஆண்டு கழித்தும் புரியும். நான் வைத்திருக்கும் பிரதியில் 1800-ஆம் ஆண்டுக் கோப்பில் 1,825 வரிகள். ஐந்து தொடர்கள், ஒவ்வொன்றிலும் 365 நாள். 1800 லீப் ஆண்டு அல்ல என்பதைக்கூட வரி எண்ணிக்கையே காட்டிக்கொடுக்கிறது. அறுபது கேபி சொச்சம் உள்ள இந்தக் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்ற ஒரு காரணமும் இல்லை.

சிக்கல் மொத்தத் தொகுப்பில்தான். 1763-இல் தொடங்கும் மிலான் பதிவு முதல் நேற்றைய பதிவு வரை சேர்த்தால் 250 கோடி வரிகளைத் தாண்டும். மேலே உள்ள முதல் வரியை எண்ணிப் பாருங்கள்: எழுத்துகளும் காற்புள்ளிகளும் 34, வரி முடிவுக்கு ஒன்று, ஆக 35 பைட். அதை 250 கோடியால் பெருக்கினால் 87 ஜிபிக்கு மேல். சுமார் 90 ஜிபி என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது ஒரு சாதாரணக் கேள்வி. நியூயார்க் சென்ட்ரல் பார்க் நிலையத்தில் 1869 முதல் ஆண்டுதோறும் பகல் உச்ச வெப்பத்தின் சராசரி என்ன? 155 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் தேவைப்படுவது சுமார் 56,600 எண்கள். எண்ணுக்கு நான்கு பைட் வைத்தாலும் கால் எம்பிக்குள் அடங்கிவிடும். அந்தக் கால் எம்பியைப் பொறுக்க 90 ஜிபியையும் தலைமுதல் கால்வரை படிக்க வேண்டியிருக்கிறது. நொடிக்கு 150 எம்பி தரும் பழைய வகை ஹார்ட் டிஸ்கில் படிப்பதற்கே பத்து நிமிடம். படித்த எழுத்துகளை எண்ணாக மாற்றும் வேலை அதற்கு மேல். அடுத்த கேள்வி கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

ஏன் முழுவதையும் படிக்க வேண்டும்? கல்யாண வீட்டு மொய் நோட்டில் மொத்தத் தொகையைக் கூட்டுபவர் பெயரையும் ஊரையும் படிப்பதில்லை. வலது ஓரத்துத் தொகைகளின் மேலேயே விரலை இறக்கிக்கொண்டு போவார். சிஎஸ்வி கோப்பு நம் கண்ணுக்கு அப்படிக் கட்டம் போட்டதுபோல் தெரிந்தாலும் கணினிக்கு அது கட்டமே இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக நீளும் ஒற்றை எழுத்துச் சரம். ஒரு வரி 34 எழுத்தில் முடியலாம், அடுத்தது 36-இல் முடியலாம். நான்காவது எண் எங்கே தொடங்குகிறது என்று அறிய மூன்று காற்புள்ளிகளைக் கடந்தாக வேண்டும். அடுத்த வரி எங்கே என்று அறிய இந்த வரியைக் கடந்தாக வேண்டும். தேவையற்றதைப் படிக்காமல் தாண்டிப்போகும் வழி அந்த வடிவத்திலேயே கிடையாது.

பலர் சிஎஸ்வியை ஜிஜிப் முறையில் சுருக்கி வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வட்டில் இடம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் சுருக்கிய கோப்பின் நடுவில் போய் நின்று படிக்க முடியாது. முதல் பைட்டிலிருந்து விரித்துக்கொண்டே வர வேண்டும். கேள்விக்கான விலை குறையவில்லை, வட்டின் சுமை செயலியின் தலையில் ஏறுகிறது.

நெடுவரிசை முறை இதைத் திருப்பிப் போடுகிறது. எல்லா நிலைய எண்களும் ஓரிடத்தில், எல்லாத் தேதிகளும் ஓரிடத்தில், எல்லா அளவுகளும் ஓரிடத்தில். யோசனை புதிதல்ல. 1970-களில் கனடாவின் புள்ளிவிவரத் துறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகளை அலச ராபிட் என்ற அமைப்பை இப்படித்தான் கட்டியது. கணக்கெடுப்புத் தாளில் நூறு கேள்வி இருந்தாலும் ஆய்வாளர் ஒரு நேரத்தில் வயது, கல்வி, வருமானம் என்று மூன்று நான்கைத்தான் தொடுவார் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. இன்று பரவலாகப் புழங்கும் பார்க்கே வடிவம் 2013-இல் டுவிட்டர், கிளவுடெரா நிறுவனங்களின் பொறியாளர்கள் சேர்ந்து வெளியிட்டது. அதற்கு அடிப்படை 2010-இல் கூகுள் வெளியிட்ட டிரெமெல் ஆய்வுக்கட்டுரை. இப்போது அப்பாச்சி அறக்கட்டளையின் திறந்த வடிவமாக இருக்கிறது. யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு பார்க்கே கோப்பைப் பிரித்துப் பார்ப்போம். முதல் நான்கு பைட்டுகளில் PAR1 என்ற எழுத்துகள் இருக்கும். கடைசி நான்கிலும் அதுவே. நடுவில் தரவு பல வரித்தொகுதிகளாக வெட்டப்பட்டிருக்கும். ஒரு தொகுதியில் லட்சம் வரிகள் இருக்கலாம், பத்து லட்சமும் இருக்கலாம். எழுதும் மென்பொருளைப் பொறுத்தது. ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் நெடுவரிசைகள் தனித்தனித் துண்டுகளாக இருக்கும். கோப்பின் வால்பகுதியில் ஒரு பட்டியல்: எந்த நெடுவரிசை எந்த வகை, எந்தத் துண்டு எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது, அந்தத் துண்டில் மிகச் சிறிய மதிப்பு எது, மிகப் பெரியது எது. படிக்கும் மென்பொருள் முதலில் வாலைப் படித்துவிட்டு, வேண்டிய துண்டுகளுக்கு மட்டும் நேரே போகிறது.

அளவு குறைவதும் இந்த அடுக்கினால்தான். ஒரே வகைச் சரக்கு ஒன்றாகச் சேர்ந்தால் சுருக்குவது எளிது. TMAX என்ற நான்கெழுத்தைக் கோடிக்கணக்கான முறை எழுதாமல் அதை ஒரு சிறு அகராதியில் ஒருமுறை எழுதிவிட்டு, மற்ற இடங்களில் அதன் வரிசை எண்ணை மட்டும் சில பிட்டுகளில் வைப்பார்கள். ஒரே மதிப்பு தொடர்ந்து வந்தால், இந்த மதிப்பு இத்தனை முறை என்று ஒரே குறிப்பு. நிலைய வாரியாக அடுக்கிய கோப்பில் சென்ட்ரல் பார்க்கின் 11 எழுத்து எண் ஐம்பதாயிரம் முறைக்கு மேல் அடுத்தடுத்து வரும். அத்தனையும் ஓரிரு குறிப்புகளாகச் சுருங்கிவிடும். காலியாகக் கிடக்கும் தரக் குறிகளும் அப்படியே. தேதி, 1970 ஜனவரி 1-இலிருந்து எத்தனையாவது நாள் என்ற எண்ணாக நான்கு பைட்டில் நிற்கும். மிலானின் அந்தக் குளிர்நாள் மைனஸ் 62,091-ஆவது நாள். அளவுக்குச் சுமார் இரண்டு பைட். இப்படிக் கூட்டினால் 35 பைட் வரி ஆறேழு பைட்டில் வந்து நிற்கிறது. இது தாளில் போட்ட கணக்கு. இதன்மேல் சீஸ்டாண்டர்ட் போன்ற பொதுச் சுருக்கமும் சேர்வதால் கோப்பு இன்னும் இறங்கும்.

இனி மாற்றும் வேலை. டக்டிபி என்ற இலவச மென்பொருள் சாதாரண மடிக்கணினியில் இதைச் செய்துவிடும். நோவாவின் ஆண்டுவாரிக் கோப்புகளில் தலைப்பு வரி இல்லாததால் நெடுவரிசைகளின் பெயரையும் வகையையும் நாமே சொல்ல வேண்டும்:

```sql
COPY (
  SELECT id, strptime(ymd, '%Y%m%d')::DATE AS obsdate,
         element, val, mflag, qflag, sflag, obstime
  FROM read_csv('by_year/*.csv.gz', header = false,
    columns = {'id': 'VARCHAR', 'ymd': 'VARCHAR',
      'element': 'VARCHAR', 'val': 'INTEGER',
      'mflag': 'VARCHAR', 'qflag': 'VARCHAR',
      'sflag': 'VARCHAR', 'obstime': 'VARCHAR'})
  WHERE element = 'TMAX'
  ORDER BY id, obsdate
) TO 'tmax.parquet' (FORMAT parquet, COMPRESSION zstd);
```

உச்ச வெப்பத்தை மட்டும் எடுத்து, நிலையம், தேதி என்ற வரிசையில் அடுக்கி எழுது என்பது இதன் பொருள். மழைக்கும் குறைந்தபட்ச வெப்பத்துக்கும் தனித்தனியே இதையே ஓட்டலாம். 250 கோடியையும் ஒரே மூச்சில் அடுக்கச் சொன்னால் நினைவகம் போதாமல் வட்டில் தற்காலிகக் கோப்புகளைக் குவிக்கும். பிரித்துச் செய்வது நல்லது.

இந்த வரிகளில் என் கவனம் அதிகம் போவது VARCHAR என்ற சொல் அத்தனை முறை வருவதில்தான். அளந்த நேரம் 0700 என்று நான்கு இலக்கத்தில் இருக்கும். வகையைச் சொல்லாமல் விட்டால் பல கருவிகள் அதை எண் என்று ஊகித்து 700 ஆக்கிவிடும். பாண்டாஸ் நூலகமோ, அந்த நெடுவரிசையில் காலி இடங்களும் இருப்பதால் அதை 700.0 என்று தசம எண்ணாகவே மாற்றிவிடும். சிஎஸ்வியில் இருக்கும்வரை ஒவ்வொருவரும் படிக்கும்போது ஊகித்துக்கொள்வார்கள். ஒருவர் தவறாக ஊகித்தால் அது அவரோடு போகும். பார்க்கேயில் எழுதும்போது வகை நிலைத்துவிடுகிறது. சரியாகச் சொல்லியிருந்தால் பின்னால் வரும் யாருக்கும் அந்தக் கவலை இல்லை. தவறாகச் சொல்லியிருந்தால் அந்தத் தவறும் அப்படியே எல்லோருக்கும் போய்ச் சேரும். வேகத்தைவிட இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த மாற்றத்தை நிதானமாகச் செய்ய வேண்டும் என்று நான் சொல்வேன்.

காலியிடத்திலும் இப்படி ஒரு பொறி. தரச் சோதனையில் தேறாத அளவுகளுக்கு மட்டும் தரக்குறி நெடுவரிசையில் ஓர் எழுத்து இருக்கும். தேறியவற்றுக்கு அது காலி. டக்டிபி சிஎஸ்வியின் காலியிடத்தை "மதிப்பு இல்லை" என்று எடுத்துக்கொள்ளும். வேறு சில கருவிகள் அதையே "நீளமில்லாத எழுத்துச்சரம்" என்று எழுதிவைக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் `qflag IS NULL` என்று கேட்டால் முதல் கோப்பில் பெரும்பாலான வரிகளும் வரும், இரண்டாவதில் ஒன்றுகூட வராது. முடிவில் பூஜ்ஜியம் வந்தால் தரவைச் சந்தேகிக்கும் முன் இதைப் பார்க்க வேண்டும். மழையில் இன்னும் நுட்பமான ஒன்று: பதிவாகாத அளவுக்குத் தூறியிருந்தால் அளவில் 0, அளவீட்டுக் குறிப்பில் T என்று இருக்கும். நெடுவரிசைகளைக் குறைக்கிறேன் என்று அந்தக் குறிப்பை விட்டுவிட்டால் தூறிய நாளும் வறண்ட நாளும் ஒன்றாகிவிடும். காலியாகத்தானே கிடக்கிறது என்று எந்த நெடுவரிசையையும் வீச வேண்டாம். பார்க்கேயில் காலிக்கு ஏறக்குறைய செலவே இல்லை.

கோப்பு தயாரானதும் நம் கேள்வியைக் கேட்போம்:

```sql
SELECT year(obsdate) AS y, avg(val) / 10 AS celsius,
       count(*) AS days
FROM 'tmax.parquet'
WHERE id = 'USW00094728' AND qflag IS NULL
GROUP BY y ORDER BY y;
```

எட்டு நெடுவரிசைகளில் நான்கை மட்டுமே இது தொடுகிறது. அதைவிடப் பெரிய மிச்சம் வரிகளில். ஒவ்வொரு வரித்தொகுதியின் சிறிய, பெரிய நிலைய எண்ணும் வால்பகுதியில் இருக்கிறதல்லவா? USW00094728 எந்தத் தொகுதியின் எல்லைக்குள் வருகிறதோ அதை மட்டும் திறந்தால் போதும். நிலைய வாரியாக அடுக்கியிருப்பதால் அந்த 56,600 வரிகளும் சேர்ந்தே இருக்கும். ஒரு தொகுதி, மிஞ்சினால் இரண்டு. 90 ஜிபிக்குப் பதில் ஓரிரு எம்பி படித்தால் வேலை முடிகிறது. நாட்களின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கேட்டதற்குக் காரணம் உண்டு: ஓர் ஆண்டில் 200 நாள்தான் பதிவு என்றால் அந்தச் சராசரியை மற்றவற்றோடு வைத்துப் பேச முடியாது.

ORDER BY வரியை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஆண்டுக் கோப்பில் வரிகள் எப்படி வந்தன? நாம் மேலே பார்த்த ஐந்து வரிகளும் ஒரே நாளின் மூன்று நிலையங்கள். அடுத்த நாள் மறுபடியும் அதே நிலையங்கள். நாள்வாரியாக வந்த அந்த அடுக்கிலேயே பார்க்கேயாக எழுதினால், பிற்கால ஆண்டுகளில் ஒவ்வொரு தொகுதியிலும் உலகத்து நிலையங்கள் எல்லாம் கலந்திருக்கும். ஒவ்வொன்றின் சிறிய எண்ணும் A-யில் தொடங்கும், பெரிய எண் Z-இல் முடியும். எந்தத் தொகுதியையும் தள்ளிவிட முடியாது. கோப்பு பார்க்கேதான், சிறியதும்தான், சிஎஸ்வியைவிட வேகமும்தான். ஆனால் கிடைக்க வேண்டிய வேகத்தில் பெரும்பகுதி கிடைக்காது, ஏன் என்றும் தெரியாது. பார்க்கேக்கு மாற்றியும் பெரிய பலனில்லை என்று சொல்பவர்களின் கோப்பை இப்படிச் சோதித்துப் பார்க்கலாம்:

```sql
SELECT row_group_id, stats_min, stats_max
FROM parquet_metadata('tmax.parquet')
WHERE path_in_schema = 'id';
```

முதல் தொகுதியின் பெரிய எண்ணுக்கு அருகே அடுத்த தொகுதியின் சிறிய எண் தொடங்கி, இப்படியே படிப்படியாக ஏறினால் அடுக்கு சரி. எல்லா வரியிலும் ஒரே எல்லை திரும்பத் திரும்ப வந்தால் அடுக்கவில்லை என்று பொருள்.

மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த மாற்றத்தையும் நம்பக் கூடாது. வரி எண்ணிக்கை மட்டும் பொருந்தினால் போதாது; 0700 என்பது 700 ஆனாலும் வரி எண்ணிக்கை மாறாது. அளவுகளின் மொத்தக் கூட்டுத்தொகை, ஒவ்வொரு நெடுவரிசையிலும் காலி அல்லாதவற்றின் எண்ணிக்கை, முதல் தேதி, கடைசித் தேதி, நேர நெடுவரிசையின் எழுத்து நீளம் ஆகியவற்றை இரண்டு பக்கமும் எடுத்து ஒப்பிட வேண்டும். இந்தக் கணக்கும் இரண்டு சிறு கேள்விகள்தான். மூல சிஎஸ்வியைச் சுருக்கி, சரிபார்ப்பு எண்ணோடு தனியே வைத்துக்கொள்வதும் கட்டாயம். துறவி எழுதிய ஏட்டுக்கும் நமக்கும் நடுவே எத்தனை பேர் கைபட்டது என்பதற்கு அதுதான் சாட்சி.

பார்க்கேயால் ஆகாதவை சில உண்டு. அதை நோட்பேடில் திறந்து பார்க்க முடியாது. ஒரு எண்ணை மட்டும் திருத்த முடியாது. கோப்பையே மறுபடி எழுத வேண்டும். நாளுக்கு நாள் ஒரு வரி சேர்க்கும் இடத்துக்கு அது பொருந்தாது. ஜிஎச்சிஎன் தொகுப்பிலோ புதிய நாட்கள் சேர்வதோடு பழைய எண்களும் திருத்தப்படுகின்றன; ஆகவே எந்தத் தேதியில் இறக்கிய பிரதி என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வைத்து, புதிது வந்ததும் முழுவதையும் மறுபடி உருவாக்குவதே எளிய வழி. இறக்கம் பாதியில் அறுந்தால் இரண்டு வடிவங்களும் நடந்துகொள்ளும் விதமும் வேறு. பட்டியல் வாலில் இருப்பதால், பாதிப் பார்க்கே திறக்கவே திறக்காது. கடைசியில் PAR1 இல்லை என்று மென்பொருள் சொல்லிவிடும். சுருக்காத சிஎஸ்வி பாதியோடு திறந்துகொள்ளும், அக்டோபருக்குப் பிறகு தரவே இல்லாத ஆண்டுக்கும் சிரமமில்லாமல் சராசரி சொல்லும். முன்னதன் பிடிவாதத்தையே நான் விரும்புகிறேன்.

நோவாவே அமேசானின் பொதுக் கிடங்கில் இந்தத் தொகுப்பின் பார்க்கே பிரதியை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அது `YEAR=1800/ELEMENT=TMAX` என்பதுபோல் ஆண்டு வாரியாக, அதற்குள் அளவு வாரியாகக் கோப்புறைகளில் பிரிந்திருக்கிறது. கடந்த ஆண்டு உலகம் முழுவதும் பெய்த மழையைக் கேட்பவருக்கு இது மிகப் பொருத்தம். ஒரே கோப்புறையோடு வேலை முடியும். ஆனால் நம் சென்ட்ரல் பார்க் கேள்விக்கு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கோப்புறைகளைத் தட்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் வாலைப் படித்து, 365 வரி எடுத்து, மூடி, அடுத்ததற்குப் போக வேண்டும். தொடக்க ஆண்டுகளிலோ ஒரு கோப்பில் சில நூறு வரிகளே இருப்பதால் தரவைவிடப் பட்டியலே கனமாகிவிடக்கூடும். அவர்கள் பிரித்தது தவறில்லை. அவர்கள் எதிர்பார்த்த கேள்வி வேறு.

ஆகவே மாற்றத் தொடங்கும் முன் இந்த அட்டவணைகளிடம் யார் என்ன கேட்கப்போகிறார்கள் என்று எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு நிலையத்தின் நெடுங்கால வரலாறு என்றால் நிலைய வாரியாக அடுக்கு. ஒரு நாளில் ஒரு கண்டம் முழுவதும் என்றால் தேதி வாரியாக அடுக்கு. இரண்டும் சமமாக வரும் என்றால் இரண்டு பிரதி வைத்துக்கொள்ளலாம்: ஒன்று `ORDER BY id, obsdate`, மற்றது `ORDER BY obsdate, id`. தேதி வாரிப் பிரதி சற்றுப் பெரிதாக இருக்கும், ஏனென்றால் அதில் நிலைய எண்கள் தொடர்ந்து வருவதில்லை. அப்படியிருந்தும் இரண்டும் சேர்ந்து அந்த 90 ஜிபியில் பாதியைத் தொடாது.